சாக்லேட்டின் பதமும் வெப்பமானியின் சாட்சியமும்

மூணாறு கடைத்தெருவில் 'ஹோம்மேட் சாக்லேட்' என்னும் பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே பொருள் அல்ல. ஒரு வகை, கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனங்கொட்டை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பைக் கொண்ட கட்டிகளை வாங்கி உருக்கி, அச்சில் ஊற்றி எடுப்பது. தொழிலில் இதற்குக் 'காம்பவுண்ட்' என்று பெயர். இதைச் செய்ய வெப்பமானி தேவையில்லை. உருக்கலாம், ஊற்றலாம், ஆறவிடலாம். பளபளப்பு தானாகவே வந்துவிடும். இன்னொரு வகை கோகோ வெண்ணெயை மட்டுமே கொழுப்பாகக் கொண்டது. அதையும் அவ்வாறே உருக்கி ஊற்றினால், மறுநாள் காலையில் அச்சிலிருந்து சாம்பல் பூத்த, மங்கலான, கையில் பிசுபிசுக்கும் ஒரு கட்டிதான் கிடைக்கும். அதுவும் அச்சை விட்டு எளிதில் வராது.

கேரளத்தில் கோகோ மிகுதியாக விளையும் மாவட்டம் இடுக்கி. அடிமாலி வட்டாரத்தில் கோகோ பயிரிடும் ஒருவர், விதையை வியாபாரியிடம் விற்பதோடு நில்லாமல், அதிலிருந்து தாமே சாக்லேட் செய்து விற்க முனைகிறார் எனக் கொள்ளலாம். புளிக்கவைத்தல், உலர்த்துதல், வறுத்தல், அரைத்தல் ஆகிய எல்லாவற்றையும் அவர் சரியாகவே செய்திருக்கக்கூடும். ஆயினும் வாங்குபவரின் கண்ணுக்கு முதலில் படுவது மேற்பரப்பின் பளபளப்பு. காதுக்கு முதலில் எட்டுவது ஒடிக்கும்போது எழும் 'படக்' என்னும் ஒலி. இவ்விரண்டும் இல்லையெனில், பல நாள் உழைப்பு 'பூஞ்சை பிடித்த சாக்லேட்' என்று திரும்பி வந்துவிடும். அந்த இரண்டையும் தீர்மானிப்பது கடைசி முக்கால் மணி நேர வேலை. டெம்பரிங் எனப்படும் அந்த வேலையைத் தமிழில் 'பதமேற்றுதல்' எனலாம்.

'பதம்' என்ற சொல் இங்கு ஆழ்ந்து கவனிக்கத் தக்கது. வெல்லப்பாகில் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று நம் சமையலறைகள் பகுத்து வைத்திருக்கின்றன. அவற்றை அறிய விரலும் ஒரு கிண்ணம் தண்ணீரும் போதும். பாகின் பதம் அதில் எஞ்சியிருக்கும் நீரின் அளவைப் பொறுத்தது. நீர் குறையக் குறையப் பாகின் நடத்தை கண்ணெதிரே மாறுகிறது. சாக்லேட்டின் பதமோ அத்தகையது அன்று. ஒரே அடுப்பில், ஒரே சாக்லேட்டை இரண்டு கிண்ணங்களில் உருக்கி, இரண்டையும் 31.5 டிகிரி செல்சியஸில் நிறுத்தி வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். வெப்பமானியும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆயினும் ஒன்று பளபளப்பாக உறையும், மற்றொன்று மங்கிப்போகும். முதலாவது 45 டிகிரியிலிருந்து 27 வரை இறங்கி, மீண்டும் 31.5க்கு ஏறி வந்தது. இரண்டாவது 45இலிருந்து நேராக 31.5க்கு இறங்கி அங்கேயே நின்றது. வெப்பமானி, சாக்லேட் இப்போது எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே சொல்லும். எவ்வழியாக வந்தது என்பதைச் சொல்லாது. பதமேற்றுதலில் முடிவைத் தீர்மானிப்பது அந்த வழிதான்.

இதற்கான காரணம் கோகோ வெண்ணெயின் படிக இயல்பில் இருக்கிறது. மூணாறில் குளிர்ந்த காலையில் தேங்காய் எண்ணெய் கட்டியாவதையும், நெய் சில சமயம் மணல் மணலாகவும் சில சமயம் வழவழப்பாகவும் உறைவதையும் எல்லோரும் பார்த்திருப்பர். கொழுப்பு எவ்வாறு குளிர்கிறதோ அவ்வாறே அதன் படிகங்களும் அமைகின்றன. கோகோ வெண்ணெயில் இது இன்னும் சிக்கலானது. ஒரே கொழுப்பு ஆறு வெவ்வேறு வடிவங்களில் படிகமாகக்கூடும் என்று வில்லி, லட்டன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1966இல் வகைப்படுத்தினர். முதல் வடிவம் ஏறத்தாழ 17 டிகிரியிலேயே உருகிவிடும். நான்காவது 27 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் உருகும். ஐந்தாவது ஏறத்தாழ 34 டிகிரி வரை தாங்கும். ஆறாவது 36 வரை செல்லும். எண் ஏற ஏற மூலக்கூறுகள் நெருக்கமாக அடுங்குகின்றன, படிகம் உறுதியாகிறது.

சாக்லேட்டுக்கு வேண்டியது ஐந்தாவது வடிவம். அறையின் வெப்பத்தில் கெட்டியாக நின்று, வாயின் வெப்பத்தில் கரைவது அதுதான். அதன் படிகங்கள் நெருங்கி அடுக்குறுவதால் கட்டி ஆறும்போது சற்றே சுருங்குகிறது. சுருங்குவதால் அச்சின் சுவரை விட்டுத் தானே விலகுகிறது. சாக்லேட்டின் பளபளப்பு உண்மையில் அச்சினுடைய பளபளப்பின் நகல்தான். ஒட்டாமல் விலகிய பரப்பு அந்த நகலை அப்படியே தாங்கி வருகிறது. 'படக்' என்ற ஒலியும் இதே நெருக்கத்தின் விளைவு. அடுக்கு தளர்வான கட்டி வளையும் அல்லது பொடியும். இறுகிய கட்டியே ஒடியும்.

தன்போக்கில் ஆறவிட்டால் கோகோ வெண்ணெய் ஐந்தாவது வடிவத்தைத் தேர்வதில்லை. உறுதி குறைந்த வடிவங்கள் விரைவில் உருவாகக்கூடியவை. அவையே முதலில் இடம்பிடிக்கும். ஆகவே செய்பவர் ஒரு சிறு தந்திரத்தைக் கையாள்கிறார். முதலில் கருஞ்சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கி, பழைய படிகங்கள் அனைத்தையும் அழிக்கிறார். பிறகு இடைவிடாமல் கிளறியபடி 27 டிகிரி வரை குளிரவிடுகிறார். அந்த நிலையில் நான்காவது, ஐந்தாவது வடிவங்கள் இரண்டும் கலந்து தோன்றுகின்றன, கலவை கொழகொழப்பாகிறது. பிறகு மிக மெதுவாக 31 அல்லது 32 டிகிரிக்கு ஏற்றுகிறார். நான்காவது வடிவம் உருகி மறைகிறது. ஐந்தாவது எஞ்சி நிற்கிறது. கலவை மீண்டும் நீர்த்து ஓடுகிறது. ஆனால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஐந்தாம் வடிவப் படிகங்கள் விதைகளாகச் சிதறிக் கிடக்கின்றன. அச்சில் ஊற்றியபின் எஞ்சிய கொழுப்பு முழுவதும் அந்த விதைகளைப் பார்த்தே அடுங்குகிறது. பால் சாக்லேட்டில் பாற்கொழுப்பு கலந்திருப்பதால் எல்லா எண்களும் ஏறத்தாழ இரண்டு டிகிரி இறங்கும். அதன் வேலை வெப்பம் 29 அல்லது 30.

வீட்டுச் சமையலறையில் இதைவிட எளிய வழி ஒன்றுண்டு. தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது அது. ஏற்கெனவே பதமேறிய சாக்லேட்டைத் துருவலாகவோ சிறு துண்டுகளாகவோ சேர்த்தால், அதிலுள்ள ஐந்தாம் வடிவப் படிகங்களே விதையாகிவிடும். மேற்சொன்னவர் ஒரு கிலோ கருஞ்சாக்லேட்டைப் பதமேற்றுகிறார் எனின், 750 கிராமை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த உலர்ந்த கிண்ணத்தில் 45 டிகிரிக்கு உருக்கி இறக்குகிறார். மீதி 250 கிராம் உறை. அதை ஒரே மூச்சில் கொட்டாமல் மூன்று பங்காகச் சேர்க்க வேண்டும். முதல் இரண்டு பங்குகளின் வேலை குளிர்விப்பதே. கலவை 34 டிகிரிக்கு மேலிருக்கும் வரை, சேர்க்கப்படும் துண்டுகளின் படிகங்கள் அனைத்தும் உருகி அழிந்துவிடும். உருகும்போது அவை வெப்பத்தை உறிஞ்சுவதால் கலவை விரைந்து குளிரும். 34க்குக் கீழே இறங்கியபின் சேர்க்கும் மூன்றாம் பங்குதான் உண்மையான உறை. கிளறக் கிளற 31.5ஐ எட்டியதும், கரையாத துண்டுகள் மிச்சமிருந்தால் கரண்டியால் எடுத்துவிடலாம். கலவை இன்னும் 33இல் இருக்கும்போதே எல்லாத் துண்டுகளும் கரைந்துவிட்டால், விதை போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். உறைமோர் தீர்ந்த வீட்டில் அண்டை வீட்டைத் தேடுவது போல, முதன்முறை செய்பவர் நல்ல சாக்லேட் பட்டை ஒன்றை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். அல்லது முன்னர்க் கூறிய மூன்று நிலை வழியைப் பின்பற்றலாம். அடுத்த முறைக்குத் தம்முடையதிலேயே கால் கிலோ எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம்.

ஊற்றுமுன் ஒரு சோதனை கட்டாயம். கத்தி முனையைக் கலவையில் தோய்த்து, ஏறத்தாழ 20 டிகிரி வெப்பமுள்ள இடத்தில் வைத்துவிட வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடங்களில் ஒரே சீராக, வரியும் கோடும் இன்றி மெல்லிய பளபளப்புடன் உறைந்தால் பதம் ஏறியிருக்கிறது. பத்து நிமிடமாகியும் ஈரமாகவே இருந்தாலோ, திட்டுத் திட்டாக உறைந்தாலோ ஏறவில்லை. முன்னர்ச் சொன்ன இரண்டு கிண்ணங்களையும் வேறுபடுத்திக் காட்டும் எளிய வழி இதுவே. வெப்பமானி சொல்லாத வரலாற்றைக் கத்தி முனை சொல்லிவிடுகிறது.

அப்படியெனில் வெப்பமானி எதற்கு என்ற கேள்வி எழலாம். பதமேறிய கலவை நிற்கக்கூடிய இடைவெளி மிகக் குறுகியது. 31க்குக் கீழே போனால் படிகங்கள் பெருகிக் கலவை தடித்துவிடும். 33ஐ எட்டினால் விதைகள் உருகத் தொடங்கிவிடும். மனித உடலின் வெப்பம் 37 டிகிரி. உதட்டில் வைத்துப் பார்த்தால் 31உம் 33உம் இரண்டுமே 'சற்றுக் குளிர்ச்சி' என்றுதான் படும். தேர்ந்த கைகள் அந்த நுண்ணிய வேறுபாட்டையும் அறியும். புதியவர்க்கு அது இயலாது. அவருக்கு வெப்பமானியே துணை. ஆனால் அந்தத் துணையையும் சோதித்தே நம்ப வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஊசி வெப்பமானிகள் பல, ஒரு டிகிரி கூடவோ குறையவோ காட்டக்கூடியவை. வேலைக்குக் கிடைக்கும் இடைவெளியே ஒன்றிரண்டு டிகிரி எனும்போது, அந்தப் பிழை முழுத் தோல்வியாக முடியலாம்.

வெப்பமானியைக் கொதிநீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று பார்ப்பது பலரும் அறிந்த சோதனை. மலைநாட்டில் அது தவறான தீர்ப்பைத் தரும். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயர்வதற்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலை குறைகிறது. 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூணாறில் நீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அங்கே 95 காட்டும் வெப்பமானி சரியானது. 100 காட்டுவதுதான் பழுதானது. உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டிக் குழம்பு எவ்வுயரத்திலும் சுழி டிகிரியே காட்டும். ஆகவே அது நம்பத் தக்கது. அதைவிடவும் பொருத்தமான சோதனை ஒன்று வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி 37 டிகிரியை ஒட்டிய சிறு எல்லைக்குள் பத்தில் ஒரு பங்கு டிகிரி அளவுக்குத் துல்லியமானது. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் இரண்டு வெப்பமானிகளின் முனைகளையும் அருகருகே வைத்து, நீரைக் கலக்கிவிட்டுப் பார்த்தால், ஊசி வெப்பமானி எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்துவிடும். அந்தச் சோதனை சாக்லேட்டின் வேலை வெப்பத்துக்கு மிக அருகில் நடப்பதால் அதன் பயன் கூடுதல். பிசகைக் குறித்து வைத்துக்கொண்டு கூட்டியோ கழித்தோ கொண்டால் போதும். தொலைவிலிருந்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டுமே காண்கிறது. நன்றாகக் கிளறிய உடனே பார்த்தாலன்றி அதன் எண்ணை ஏற்க முடியாது.

ஊற்றிய பின்னும் வேலை முடிவதில்லை. கொழுப்பு உறையும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. தடித்த கட்டியின் நடுவில் அந்த வெப்பம் தேங்கினால், ஏறிய பதமே அங்கு கலையக்கூடும். எனவே 20 டிகிரியை ஒட்டிய அறையில் சற்று நேரம் வைத்து, உறையத் தொடங்கியதும் 10 அல்லது 12 டிகிரிக் குளிரில் கால் மணி நேரம் வைக்கின்றனர். மூணாறின் மார்கழிக் காலையில் இதற்கு எதிரான இடர் நேரும். அச்சு கையில் சுடும் அளவுக்குக் குளிர்ந்திருந்தால், அதைத் தொட்ட சாக்லேட் அக்கணமே உறைந்து, உறுதியற்ற வடிவங்களைப் பெற்று மங்கிவிடும். அச்சைச் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். பாலக்காட்டிலோ பங்குனி, சித்திரையில் சமையலறையே 33 டிகிரியைத் தாண்டியிருக்கும். அங்கே எத்தனை துல்லியமாகப் பதமேற்றினாலும், குளிரூட்டப்பட்ட அறை இன்றி அது உறையவே வழியில்லை.

இங்குதான் இந்தக் கலையின் எல்லை தெரிகிறது. மூணாறில் பதமேறி, பளபளப்பும் ஒலியும் குறையாமல் உறையில் இடப்பட்ட பட்டைகள், மறையூர், சின்னாறு வழியாக இறங்கி, உடுமலைப்பேட்டையையும் பொள்ளாச்சியையும் கடந்து பாலக்காட்டுக்குச் செல்கின்றன எனக் கொள்ளலாம். கணவாய் வழியே வீசும் கோடைக்காற்றில் பகல் வெப்பம் 38ஐத் தாண்டுவது அங்கே வியப்பன்று. ஐந்தாம் வடிவம் தாங்குவதோ 34 வரைதான். நிறுத்திய வண்டிக்குள் ஒரு மணி நேரம் கிடந்தாலே விதைகள் அனைத்தும் உருகிவிடும். இரவில் மீண்டும் உறையும்போது அந்தப் பட்டைக்குத் தன் பழைய ஒழுங்கு நினைவில் இராது. பதம் சாக்லேட்டுக்குத் தரும் பாதுகாப்பு 34 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் உதவுவன வெப்பம் புகாப் பெட்டியும், இரவுப் பயணமும், மாசி முடியுமுன் அனுப்பிவிடும் முன்யோசனையுமே.

வழியில் கெட்டது எது, செய்முறையிலேயே கெட்டது எது என்று பிரித்தறிவதும் தேவை. திரும்பி வந்த பட்டையின் மேல் வெண்படலம் இருந்தால் அது பூஞ்சை என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. விரலால் மெல்லத் தேய்த்ததும் படலம் உருகி மறைந்து, துளி நீர் விட்டால் முத்தாக நின்றால், அது கொழுப்பு பூத்தது. வெப்பமோ குறைப்பதமோ காரணம். படலம் சொரசொரப்பாக இருந்து, துளி நீரில் கரைந்தால், அது சர்க்கரை பூத்தது, ஈரம் காரணம். மழைக்காலத்தில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பட்டையை உடனே திறந்தால், ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படிந்து சர்க்கரையைக் கரைத்து, உலர்ந்ததும் அதை வெளியே விட்டுச்செல்லும். உறையோடு அறையின் வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு பிரித்தால் இது நேராது. ஒரு தொகுதியின் எல்லாப் பட்டைகளும் அனுப்புமுன்னரே மங்கியிருந்தால் பிழை கிண்ணத்தில். சமையலறையில் எடுத்து வைத்த மாதிரி பளபளக்க, போய் வந்தது மட்டும் மங்கியிருந்தால் பிழை வழியில். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பட்டையை அனுப்பாமல் தம்மிடமே வைத்துக்கொள்பவர்க்கு இந்த வழக்கில் சான்று கிடைக்கிறது.

கொழுப்பு பூத்த பட்டை உண்ணத் தகாதது அன்று. அதை மீண்டும் 45 டிகிரிக்கு உருக்கினால் குறை முழுவதும் அழிந்து, பணி முதலிலிருந்து தொடங்கும். ஈரம் பட்டுச் சர்க்கரை பூத்ததை மட்டும் அவ்வாறு மீட்க இயலாது. நீர் கலந்த சாக்லேட் உருகும்போதே திரண்டு கட்டிபட்டுவிடும். அது பாலில் கரைத்துக் குடிக்கவே உதவும். இந்த வேறுபாட்டை அறிந்தவர் திரும்பி வந்த பெட்டியை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை உருக்குக் கிண்ணத்துக்கும் மறுபங்கைப் பால் பாத்திரத்துக்கும் அனுப்புவார்.